கார்ட் மெஷின் தொகைக்கும் பாங்கில் விழுந்த தொகைக்கும் 30,068 ரூபா வித்தியாசம். எங்கே பிடிபட்டிருக்கு?

புடவைக்கடை_நவீனசந்தை

வணக்கம். சின்னப் புடவைக் கடை, ஒரு கார்ட் மெஷின் மட்டும்தான். ஓகஸ்ட் 7 வியாழன் செட்டில்மென்ட் சிட்டையில் 128,500, 8 வெள்ளி 61,200, 9 சனி 147,750. ஞாயிறு கடை பூட்டு. மூன்றும் சேர்த்து 337,450 ரூபா. வெள்ளி போயா எண்டபடியால் பாங்க் இல்லை. 11 திங்கள் ஒரே தொகையாக 298,945.52 கணக்கில் விழுந்திருக்கு.

ஒப்பந்தத்தில் கொமிஷன் 2.5 வீதம். அப்படிக் கழித்தால் 329,013.75 வந்திருக்க வேணும். 30,068.23 குறையுது. பாங்கில் கேட்டால் "அறிக்கையைப் பாருங்கோ" எண்டு சொல்லுகினம். மின்னஞ்சலில் வாற அறிக்கையில் நாற்பதுக்கு மேல் வரிசை, பதினாலு நிரல். எங்கே இருந்து பார்க்கத் தொடங்கிறது?

திருநெல்வேலி_கணேஸ்

அக்கா, அது வற் வரி. 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். கார்டில் வாற காசு முழுக்கத் தெரியிற காசு, அதால் பாங்கே முதலில் பிடிச்சுப் போட்டுத்தான் மிச்சம் தரும். கணக்கரிட்டைக் குடுத்தால் திருப்பி எடுக்கலாம்.

ஏட்டுக்கணக்கு

கணேஸ் தம்பி, 18 வீதம் எண்டது சரி. எதன் மேல் எண்டதுதான் பிழை. விற்பனையில் 18 வீதம் பிடிச்சிருந்தால் 337,450க்கு 60,741 போயிருக்க வேணும். குறையிறதே 30,068தான், பாதிகூட இல்லை. அறிக்கையில் வரி இருந்தால் அது கொமிஷனுக்கு மேல் போட்ட வரி. கார்ட் சேவை தாறவர் தன்ர கட்டணத்துக்கு வரி சேர்க்கிறார், அவ்வளவுதான். புடவை விற்ற வரி கடைக்காரர் தானே கட்டிற விஷயம். அதுவும் பதிவு செய்தவர் மட்டும்.

எல்லா ஒப்பந்தத்திலும் கொமிஷன் மேல் வரி இராது. சிலரின் அறிக்கையில் அப்படி ஒரு நிரலே இல்லை. அதால் ஊகிக்க வேண்டாம். அக்கா, மூண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கோ. வரி எண்டு தனி நிரல் இருக்கா? கொமிஷன் வீதம் எல்லா வரிசையிலும் 2.5தானா? கழித்தல் அடையாளம் போட்ட தொகை ஏதும் இருக்கா?

புடவைக்கடை_நவீனசந்தை

பார்த்தன் அண்ணை. வரி நிரல் இருக்கு, கொமிஷனில் 18 வீதம்தான் வருகுது. கொமிஷன் சில வரிசையில் 2.5, சில வரிசையில் 3.2. கழித்தலில் 18,500 எண்டு ஒரு வரிசை, பக்கத்தில் `REFUND` எண்டு கிடக்கு. கடைசியில் 2,000 எண்டு இன்னொண்டு, அதுக்கும் 360 வரி.

கோப்பாய்_மோகன்

எனக்கு ஒரு சந்தேகம். மூண்டு நாள் காசும் திங்களே வந்தது எண்டு எப்படித் தெரியும்? சனிக்கிழமைத் தொகுதி செவ்வாய்தான் வரும். எங்களுக்கு அப்படித்தான். அப்ப வியாழனும் வெள்ளியும் மட்டும்தான் இந்தக் காசில் இருக்கும்.

ஏட்டுக்கணக்கு

நல்ல சந்தேகம், ஆனால் தொகையே பதில் சொல்லுது. வியாழனும் வெள்ளியும் சேர்ந்தால் 189,700தான். 298,945 விழுந்திருக்கு. கொமிஷன் கழிக்காமல் பார்த்தாலும் இரண்டு நாள் காசு இவ்வளவுக்கு எட்டாது. சனி உள்ளேதான் இருக்கு.

உங்கட பாங்கில் வெட்டு நேரம் வேற மாதிரி இருக்கலாம். அதால்தான் திகதியை வைச்சு ஒப்பிட வேண்டாம் எண்டு சொல்லுறது. சிட்டையில் தொகுதி இலக்கம் இருக்கும், அறிக்கையிலும் அதே இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தை வைச்சுத்தான் சேர்க்க வேணும். நீண்ட விடுமுறை வந்தால் திகதி எல்லாம் ஒண்டாய்க் குவிஞ்சு போகும், தொகுதி இலக்கம் மாறாது.

இனி அந்த 3.2. நல்லூர்த் திருவிழாக் காலம் எல்லோ, அக்கா. வெளியிலிருந்து வந்த ஆட்கள் வெளிநாட்டுக் கார்ட் குடுத்திருப்பினம். எந்த நாட்டு பாங்க் கார்டை வெளியிட்டது எண்டதுதான் கணக்கு, வாங்கிறவர் எங்கே இருக்கிறார் எண்டது இல்லை. கனடாவில் இருக்கிறவர் கொழும்பு பாங்க் கார்டைக் குடுத்தால் அது உள்ளூர் கார்ட். அங்கத்தை டெபிட் கார்டைக் குடுத்தால், டெபிட் எண்டாலும் வெளிநாட்டு வீதம். சிட்டையில் இது தெரியாது, அறிக்கையில்தான் தெரியும். உங்கட ஒப்பந்தத்தின் பின் இணைப்பில் இரண்டு வீதமும் எழுதியிருக்கும். முன் பக்கத்தில் 2.5 மட்டும் கண்ணில் பட்டிருக்கும். வெளிநாட்டுக் கார்ட் விற்பனைகளை மட்டும் கூட்டிச் சொல்லுங்கோ.

நல்லூர்_விடுதி

எங்களுக்கு 3.2 இல்லை, அதைவிடக் கூட. அக்கா கேட்டதுக்கு நேர் பதில், பாங்க் மனேச்சரைப் பார்த்து வீதத்தைக் குறைக்கச் சொல்லுங்கோ. மாத விற்பனை கூடினால் குறைப்பினம். அதோட விடுதிக்கு இன்னொரு தலையிடி. அறைக்கு முன்பணம் கார்டில் தடுத்து வைக்கிறம், போகேக்கை உண்மைத் தொகையை முடிக்கிறம். தடுத்து வைச்சது ஒரு தொகை, முடிச்சது ஒரு தொகை. இதை எப்படி ஒப்பிடுறது எண்டும் ஆராவது சொல்லுங்கோ.

ஏட்டுக்கணக்கு

விடுதிக்காரர், வீதத்தைக் குறைக்கிறது அடுத்த கதை. அக்காவின் கேள்வி போன காசு எங்கே எண்டது. உங்கட பிரச்சினைக்குச் சுருக்கமாய்: தடுத்து வைச்ச தொகையைக் கணக்கில் ஏற்றவே வேண்டாம், அது விற்பனை இல்லை. முடிச்ச தொகை மட்டும்தான் அறிக்கையில் வரும், அதைத்தான் ஒப்பிட வேணும். மிச்சத்துக்கு வேற இழை போடுங்கோ, வாறன்.

புடவைக்கடை_நவீனசந்தை

வெளிநாட்டுக் கார்ட் விற்பனை: வியாழன் 46,000, வெள்ளி 22,000, சனி 64,000. மொத்தம் 132,000.

`REFUND` என்னெண்டு விளங்கிச்சு. 5ஆம் திகதி விற்ற சேலையை 9ஆம் திகதி திருப்பிக் கொண்டு வந்தவை. மெஷினிலேயே திருப்பிக் குடுத்தம். அதைச் சனிக்கிழமைச் சிட்டையில் நான் கழிக்கவில்லை. 2,000 என்னெண்டு தெரியவில்லை.

ஏட்டுக்கணக்கு

2,000 மெஷின் வாடகையாய் இருக்கும், ஒப்பந்தத்தில் பாருங்கோ. தனியாய்ப் பிடிக்காமல் மாதத்தில் ஏதோ ஒரு நாள் செட்டில்மென்ட் தொகையிலேயே கழிப்பினம். அந்த ஒரு நாள் மட்டும் கணக்கு இடிக்கும்.

இப்ப 30,068.23ஐப் பிரிச்சுப் பார்ப்பம்.

திருப்பிக் குடுத்தது 18,500. மெஷின் வாடகையும் அதன் வரியும் 2,360. வெளிநாட்டுக் கார்ட் 132,000க்கு நீங்கள் 2.5 போட்டிருக்கிறியள், உண்மையில் 3.2. வித்தியாசம் 0.7 வீதம், 924 ரூபா. வரியை நீங்கள் கழிக்கவே இல்லை. உள்ளூர் 205,450க்கு 2.5 வீதம் 5,136.25, வெளிநாடு 4,224, சேர்ந்து கொமிஷன் 9,360.25. அதில் 18 வீதம் 1,684.85.

கூட்டினால் 23,468.85. இன்னும் 6,599.38 விளக்கம் இல்லாமல் நிக்குது.

இந்த மிச்சத்தை "ஏதோ கட்டணம்" எண்டு எழுதி மூட வேண்டாம். 6,599.38ஐப் பாருங்கோ. ஒரு உள்ளூர் விற்பனை முழுதாய் விடுபட்டால், அதன் கொமிஷனும் வரியும் போன மிச்சம்தான் குறையும். நூறு ரூபாவுக்கு கொமிஷன் 2.50, வரி 45 சதம், கைக்கு வாறது 97.05. 6,599.38ஐ 0.9705ஆல் பிரிச்சால் 6,800க்குக் கிட்ட வருகுது. சிட்டைகளுக்குள் 6,800 ரூபா விற்பனை ஒண்டு இருக்கா?

புடவைக்கடை_நவீனசந்தை

இருக்கு! சனிக்கிழமை மாலை, உள்ளூர் கார்ட், 6,800. சிட்டை கையில் இருக்கு, அங்கீகார இலக்கமும் இருக்கு. அறிக்கையில் அந்த இலக்கத்தைத் தேடினால் இல்லை.

திருநெல்வேலி_கணேஸ்

அண்ணை பிரிச்சுக் கண்டு பிடிச்ச விதம் எனக்கு விளங்குது. எங்கட கடையில் நான் இதெல்லாம் பார்க்கிறேல்லை. பாங்கில் விழுந்த தொகையையே அண்டைக்கு விற்பனை எண்டு எழுதிப் போட்டு விடுறன். அது சுகம்தானே?

ஏட்டுக்கணக்கு

தம்பி, சுகம். ஆனால் இரண்டு இடத்தில் அடி வாங்குவியள்.

ஒண்டு, உங்கட விற்பனை குறைச்சுத் தெரியும். 2025இல் வற் பதிவுக்கு எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன், காலாண்டுக்கு 15 மில்லியனாய் இருந்தது. அதைக் கொமிஷன் கழிக்காத முழு விற்பனையை வைச்சுத்தான் பார்ப்பினம். கொமிஷன் உங்கட செலவு, விற்பனையில் குறைக்கிற பொருள் இல்லை.

இரண்டு, 6,800 போன மாதிரி ஒரு விற்பனை வராமல் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. விழுந்ததையே விற்பனை எண்டு எழுதினால் விழாதது எந்த ஏட்டிலும் இராது.

செய்யிறது இதுதான். "கார்டில் வரவேண்டியது" எண்டு ஒரு கணக்கு திறவுங்கோ. ஒவ்வொரு நாளும் சிட்டையில் இருக்கிற முழு விற்பனையை அதில் பற்று எழுதி, விற்பனையில் வரவு எழுதுங்கோ. பாங்கில் காசு விழேக்கை, பாங்கில் விழுந்ததையும் அறிக்கையில் கழிச்ச ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கில் வரவு எழுதுங்கோ. அக்காவின் திங்கள் பதிவு இப்படி வரும்:

```
பாங்க்                       298,945.52
கொமிஷன்                       9,190.25
கொமிஷன் வரி                   1,654.23
மெஷின் வாடகை (வரியோட)          2,360.00
விற்பனைத் திரும்பல்            18,500.00
மொத்தம்                      330,650.00

வரவேண்டியது                  337,450.00
மிச்சம்                        6,800.00
```

கொமிஷனும் வரியும் நான் முதல் சொன்னதைவிடக் குறைஞ்சிருக்கு, ஏனெண்டால் 6,800க்கு இன்னும் கொமிஷன் பிடிக்கேல்லை. வரியில் 2 சதம் வித்தியாசம், அது ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாய்ச் சதத்துக்கு முழுமையாக்கிறதால் வாறது. சதங்களை அறிக்கையில் உள்ளபடியே எழுதுங்கோ, நீங்கள் கணக்குப் பார்த்த தொகையை எழுத வேண்டாம்.

கடைசியில் மிச்சம் விளக்கம் இல்லாத ஒரு தொகையாய் இல்லாமல், ஒரு சிட்டையின் தொகையாய் நிக்குது. அந்தக் கணக்கு எப்பவும் அப்படித்தான் நிக்க வேணும். அதில் நிக்கிற எல்லாத் தொகைக்கும் ஒரு சிட்டை காட்ட முடிய வேணும்.

கோப்பாய்_மோகன்

கொமிஷன் வரியை வற் திருப்பி எடுக்கிற உள்ளீட்டு வரி எண்டு போடலாமா? 1,654 சின்னத் தொகைதான், ஆனால் வருஷத்துக்குச் சேருமே.

ஏட்டுக்கணக்கு

கடை வற் பதிவு செய்திருந்து, சேவை தாறவர் இரண்டு பேரின் பதிவு இலக்கமும் போட்ட வரி விலைச்சிட்டை தந்திருந்தால் கேட்கலாம். செட்டில்மென்ட் அறிக்கையில் ஒரு நிரல் இருக்கிறது போதாது. பதிவில்லாத கடைக்கு அது முழுக்கச் செலவு, கொமிஷனோடயே சேர்த்து எழுதினாலும் சரி.

திருநெல்வேலி_கணேஸ்

சேலை திரும்பி வந்ததில் 18,500 முழுக்கப் பிடிச்சிருக்கினம். ஆனால் 5ஆம் திகதி விற்கேக்கை 2.5 கொமிஷனும் பிடிச்சிருப்பினம். அப்ப அதைத் திருப்பித் தர வேண்டாமா? இது பிழைதானே.

ஏட்டுக்கணக்கு

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சிலர் திருப்பித் தருவினம், அறிக்கையில் கொமிஷன் நிரலில் எதிர்த் தொகையாய் வரும். பலர் தாறேல்லை. அக்காவின் அறிக்கையில் `REFUND` வரிசையில் கொமிஷன் பூச்சியம் எண்டால் தராத ஆட்கள். 462.50உம் அதன் வரியும் கடைக்குச் செலவு.

இதைக் குறைக்க ஒரு வழிதான். அண்டைக்கே திருப்பிக் கொண்டு வந்து, இரவு செட்டில்மென்ட் அடிக்க முதல் எண்டால் றிபண்ட் போடாமல், மெஷினில் அந்த விற்பனையையே ரத்துச் செய்யுங்கோ. ரத்துச் செய்தது தொகுதிக்குள்ளேயே அழிஞ்சு போகும், கொமிஷன் வராது. செட்டில்மென்ட் அடிச்ச பிறகு அதுக்கு வழி இல்லை. காசாய்க் கையில் குடுக்கவும் வேண்டாம். கார்டில் வாங்கி காசில் திருப்பிக் குடுக்கிறதைப் பெரும்பாலான ஒப்பந்தம் தடுக்கும். பிறகு வாங்கினவர் கார்ட் பாங்கிலும் முறைப்பாடு குடுத்தால் இரண்டு தரம் போகும்.

புடவைக்கடை_நவீனசந்தை

நாற்பது வரிசையைக் கண்ணால் ஒப்பிடுறது கஷ்டமாய் இருக்கு. எக்ஸெலில் போட்டால் தானாய்க் காட்டுமா?

வலிகாமம்_எக்ஸெல்

காட்டும். சிட்டைகளை `slip` எண்ட தாளில், A நிரலில் அங்கீகார இலக்கம், B இல் தொகை எண்டு அடியுங்கோ. அறிக்கையை `report` எண்ட தாளில் போடுங்கோ. அறிக்கையில் அங்கீகார இலக்கம் C, முழுத் தொகை F எண்டு வைச்சுக் கொண்டால், `slip` தாளில் C2 இல்:

```
=COUNTIFS(report!C:C,A2,report!F:F,B2)
```

0 வந்தால் அறிக்கையில் இல்லை. 2 வந்தால் இரண்டு தரம் ஏறியிருக்கு. அங்கீகார இலக்கம் மட்டும் வைச்சுத் தேட வேண்டாம், வெவ்வேறு கார்டுக்கு ஒரே இலக்கம் வரலாம். தொகையும் சேர்ந்து பொருந்த வேணும்.

எல்லாரும் விழுகிற குழி ஒண்டு. அறிக்கை சிஎஸ்வி கோப்பாய் வந்தால் இரட்டை அழுத்தித் திறக்க வேண்டாம். 004512 எண்ட இலக்கத்தை எக்ஸெல் 4512 ஆக்கிப் போடும். மேலுள்ள சூத்திரம் அதைச் சமாளிக்கும். விலுக்அப் சமாளிக்காது, இல்லை எண்டு பொய் சொல்லும். அதைவிட மோசம், நடுவில் E வந்த இலக்கம். 04E123 எண்டதைப் பெரிய எண்ணாய் மாற்றிப் போடும், பிறகு உண்மை இலக்கம் என்னெண்டு பார்த்தாலும் தெரியாது. கோப்பை உள்ளிடேக்கை அந்த நிரலை எழுத்து எண்டு தெரிவு செய்து திறவுங்கோ. `slip` தாளின் A நிரலையும் அடிக்க முதலே எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கோ.

நல்லூர்_விடுதி

லங்காக்யூஆரில் வந்த காசும் இதே கணக்கில் விழுந்தால் குழம்பாதா? எங்களுக்கு அப்படித்தான் விழுகுது.

வலிகாமம்_எக்ஸெல்

கார்ட் மெஷின் தொகுதிக்குள் க்யூஆர் வாறேல்லை எண்டால் அதைத் தனி "வரவேண்டியது" கணக்கில் வையுங்கோ. பாங்க் ஸ்டேட்மென்ட்டில் விபரக் குறிப்பு வேற மாதிரி இருக்கும், அதை வைச்சு முதலே பிரிச்சு விடுங்கோ. இரண்டையும் ஒரே கணக்கில் கொட்டினால் ஒண்டின் குறைவை மற்றது மூடிப் போடும்.

புடவைக்கடை_நவீனசந்தை

சூத்திரம் போட்டன். ஒரே ஒரு 0 வந்தது, அந்த 6,800. மற்றது எல்லாம் 1.

வாடகையும் ஒப்பந்தத்தில் இருக்கு, அண்ணை சொன்னது சரி. இனி 6,800க்கு என்ன செய்யிறது? வாங்கின பிள்ளை போன் இலக்கம் தந்திருக்கு. "உங்கட காசு திரும்பி வந்ததா" எண்டு கேட்கட்டா?

ஏட்டுக்கணக்கு

கேட்கலாம், பிழையில்லை, ஆனால் அவரின் பதிலை வைச்சு முடிவெடுக்க வேண்டாம். தடுத்து வைச்ச தொகையும் அவருக்குப் போன காசு மாதிரித்தான் தெரியும்.

மூண்டு காரணம் இருக்கலாம். ஒண்டு, சனி மாலை அடிச்ச செட்டில்மென்ட் முழுதாய் ஏறாமல் இந்த ஒரு விற்பனை அடுத்த தொகுதிக்குத் தள்ளுப்பட்டிருக்கும். அப்படி எண்டால் திங்கள் இரவுச் சிட்டையிலோ அதன் அறிக்கையிலோ வரும். இரண்டு, மெஷினுக்கு மறுமொழி வரப் பிந்தி, மறுபக்கத்தில் தானாகவே திருப்பப்பட்டிருக்கும். அப்ப சிட்டை வந்திருந்தாலும் காசு வராது, அவரின் கணக்குக்குத்தான் போகும். மூண்டு, சந்தேகம் எண்டு நிறுத்தி வைச்சிருப்பினம்.

முதலாவதைப் பார்க்கிறது சுகம். அடுத்த இரண்டு அறிக்கையிலும் அதே அங்கீகார இலக்கத்தைத் தேடுங்கோ. இல்லை எண்டால் பாங்கின் வியாபாரிப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கோ. "காசு குறையுது" எண்டு எழுதினால் மறுபடி அறிக்கையைப் பாருங்கோ எண்டுதான் பதில் வரும். மெஷின் இலக்கம், தொகுதி இலக்கம், அங்கீகார இலக்கம், திகதி, நேரம், தொகை ஆறும் எழுதி, இந்த ஒரு விற்பனையின் நிலை என்ன எண்டு கேளுங்கோ.

சிட்டையை இண்டைக்கே பிரதி எடுத்து வையுங்கோ. வெப்பத்தாள் சிட்டை வெயில் படுகிற மேசையில் சில மாதத்தில் வெளிறிப் போகும். கார்ட் வைச்சிருக்கிறவர் முறைப்பாடு குடுக்க பல வகைகளுக்கு 120 நாள் வரை இடம் இருக்கு. அப்ப கேட்டால் வெள்ளைத்தாளைக் காட்ட ஏலாது.

கோப்பாய்_மோகன்

இரண்டாவது காரணம் எண்டால் சேலை போச்சு, காசும் இல்லை. அப்ப நட்டம் ஆருக்கு? அங்கீகாரம் வந்து சிட்டை அடிச்ச பிறகு கடைக்காரர் என்ன பிழை செய்தார்?

ஏட்டுக்கணக்கு

அங்கீகார இலக்கத்தோடு சிட்டை அடிச்சிருந்தால் கடைக்காரர் கேட்க நியாயம் இருக்கு. ஆனால் திருப்பப்பட்டது எண்டு பதிவு இருந்தால் பாங்க் தானாய்த் தராது. வாங்கினவரிட்டைத் திரும்ப வாங்கச் சொல்லும். இதில் ஒப்பந்தத்தின் சொல் எப்படி எண்டது முக்கியம். பார்க்காமல் நான் உறுதியாய்ச் சொல்லேல்லை.

புடவைக்கடை_நவீனசந்தை

திங்கள், செவ்வாய் அறிக்கை இரண்டிலும் தேடினன், இல்லை. ஆறு விபரமும் போட்டு எழுதினன். நிறுத்தி வைச்சிருக்கு, கையெழுத்துப் போட்ட சிட்டையும் கடை பில்லும் அனுப்புங்கோ எண்டு பதில் வந்திருக்கு. எப்ப விடுவினம் எண்டு சொல்லேல்லை. இரண்டையும் பிரதி எடுத்து அனுப்பியாச்சு. "கார்டில் வரவேண்டியது" கணக்கில் 6,800 அப்படியே நிக்குது.

ஏட்டுக்கணக்கு

நிக்கட்டும். அந்தத் தொகை விழேக்கை 6,800 விழாது, 6,599.40 மாதிரித்தான் விழும். அதோட அண்டைய தொகுதிக் காசோட சேர்ந்துதான் வரும், தனியாய் வரும் எண்டு பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். அண்டைக்கு வாற அறிக்கையில் பழைய தொகுதி இலக்கத்தோட ஒரு வரிசை இருக்கா எண்டு பாருங்கோ.